ஐஸ் ஆலையில் எண்ணெய் வடிக்கப் போன இரவு: உறைபனிக்குள் மெலிந்து நின்ற நிப்பிள்

அமோனியாவில் ஓடும் ஐஸ் ஆலையில் எண்ணெய் வடிப்பது சமையலறையில் சாம்பல் அள்ளுவது மாதிரி ஒரு வேலை. யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் விட்டால் எல்லாம் கெட்டுப்போகும். கொம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெயில் கொஞ்சம் எப்போதும் சூடான வாயுவோடு சேர்ந்து வெளியே போய்விடும். வழியில் இருக்கும் எண்ணெய் பிரிப்பான் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், மிச்சம் வாயுவைத் திரவமாக்கும் கொண்டென்சர், அந்தத் திரவத்தைச் சேர்த்து வைக்கும் ரிசீவர் எல்லாம் சுற்றிக் கடைசியில் குளிர்ப் பக்கத்துக்கு வந்து சேரும். அமோனியாவும் எண்ணெயும் கலக்காது. திரவ அமோனியாவை விட எண்ணெய் கனமானது, அதனால் எங்கே ஆகத் தாழ்வான இடமோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த இடம் எங்கள் ஆலையில், கட்டி உறையும் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய்களுக்குத் திரவ அமோனியா கொடுக்கும் டிரம்மின் அடி. வடிக்காமல் விட்டால் எண்ணெய் சுருள் குழாய்களுக்குள் ஏறிப் படலம் போட்டுவிடும். பிறகு கட்டி உறைய ஆகும் நேரம் கூடும், மின்கட்டணமும் கூடும்.

ஆலை திருகோணமலையில், கடலை ஒட்டின இடம். பெயர் வேண்டாம். இந்தக் கதை நடந்தது ஆனி மாதம். கச்சான் காற்று அடிக்கும் அந்தக் காலத்தில் கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும், படகுகள் எல்லாம் வெளியே போகும். ஐஸுக்கு அடிபிடி. லொறிகள் நடுச்சாமத்திலேயே வந்து வரிசை கட்டும். அப்படியான ஒரு இரவு வேலையில்தான் டிரம்மின் அடியில் எண்ணெய் வடிக்கப் போனேன்.

வழக்கமான முறையைச் சொல்கிறேன், அப்போதுதான் எது பிசகியது என்று விளங்கும். டிரம்மின் அடியிலிருந்து முக்கால் அங்குலக் குழாய்த் துண்டு ஒன்று, அதாவது நிப்பிள், கீழே இறங்கும். அதில் ஒரு சாதாரண ஸ்டொப் வால்வு. அதற்குக் கீழே ஸ்பிரிங் வால்வு. கையால் பிடித்திருக்கும் வரைதான் அது திறந்திருக்கும், கையை விட்டால் தானாக மூடும். அதிலிருந்து ஹோஸ் ஒன்று தண்ணீர் வாளிக்குப் போகும். முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு, பக்கத்தில் தண்ணீர் ஹோஸை ஓடவிட்டு, முதலில் ஸ்டொப் வால்வைத் திறந்து, பிறகு ஸ்பிரிங் வால்வை மெல்ல அழுத்த வேண்டும். குளிர்ந்த எண்ணெய் பசை போலத் தடித்து மெதுவாக வரும். வருகிற சத்தம் மாறினால், வாளித் தண்ணீர் படபடவென்று கொதிப்பது போலத் தெரிந்தால், எண்ணெய் முடிந்து அமோனியா வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே கையை விட வேண்டும்.

இந்த வேலையில் விபத்து நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்: வால்வைத் திறந்தும் எண்ணெய் வராது, தடித்து அடைத்துக்கொண்டிருக்கும். ஆள் பொறுமை இழந்து இன்னும் திறப்பார், ஹோஸை ஆட்டுவார், ஸ்பிரிங் வால்வைக் கம்பியால் கட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பார். அடைப்பு ஒரேயடியாக விடும்போது பின்னால் நிற்கிற திரவம் அப்படியே வரும். ஒரு லீற்றர் திரவ அமோனியா வெளியே வந்து ஆவியானால் எண்ணூறு லீற்றருக்கும் மேல் வாயு. எனக்கு அன்று நேர்ந்தது இதுவல்ல. ஆனால் இந்தப் பயம் மனதில் இருப்பதால்தான் நான் வால்வில் கை வைப்பதற்கு முன் எப்போதும் அடியைச் சுற்றி டோர்ச் அடித்துப் பார்ப்பேன்.

டிரம்முக்குக் குளிர்காப்பு உறை போட்டிருக்கிறார்கள். அது டிரம்மின் வயிற்றோடு நின்றுவிடும், நிப்பிள் வெறுமையாகத்தான் நிற்கும். ஆலை ஓடும்போது அதன் மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி பிடித்திருக்கும். வால்வின் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருந்த பனியை விடுவிக்கச் சாதாரணத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். பனி ஒரு பக்கமாகக் கழன்று விழுந்தது. அதோடு சேர்ந்து உள்ளங்கை நடுவில் அடங்கக்கூடிய ஒரு பழுப்புத் தகடும் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். துரு. ஆனால் பொடித்துரு இல்லை. பழைய புத்தகத்தின் ஓரம் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. நகத்தால் நெம்பினால் இதழ் இதழாகப் பிரிந்தது. வளைவு நிப்பிளின் வளைவேதான். நிப்பிளில் அது விட்டுப்போன இடத்தில் டோர்ச்சைச் சாய்த்து அடித்தபோது, வால்வுக்குள் மரை ஏறுகிற கழுத்தைச் சுற்றிப் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. அங்கே குழாய் மற்ற இடத்தை விட ஒடுங்கியிருந்தது. வெறும் கண்ணுக்கே தெரிகிற ஒடுக்கம்.

இதில் ஏமாற்றம் என்னவென்றால், துருப்பிடித்த குழாய் மெலிந்த குழாய் மாதிரித் தெரியாது. இரும்பு துருவாகும்போது இருந்த இடத்தை விடப் பல மடங்கு இடம் எடுக்கும். அதனால் உள்ளே இரும்பு கரையக் கரைய வெளியே குழாய் பருத்துக்கொண்டே போகும். மேலே உறைபனியும் மூடிவிட்டால் சுத்தம். எத்தனையோ பேர் அதைக் கடந்து போயிருப்பார்கள். அதே பனியின் மேல் கை வைத்து வால்வைத் திருகியும் இருப்பார்கள்.

ஏன் அந்த இடத்தில்? நிரந்தரமாக உறைந்தே இருக்கிற குழாய் அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி இருக்கிற குழாய்தான் சாகும். மின்சாரம் போகும்போது, கழுவும்போது, ஆலையை நிறுத்தும்போது பனி உருகித் தண்ணீராகக் குழாயில் நிற்கும். எங்கள் இடத்தில் அது சும்மா தண்ணீர் இல்லை. கடல் காற்றின் உப்பு ஒரு பக்கம், கட்டி எடுக்கும்போது தொட்டியிலிருந்து தெறிக்கும் உப்புத்தண்ணீர் இன்னொரு பக்கம். அந்தத் தண்ணீர் எல்லாம் வழிந்து கடைசியில் நிற்கிற இடம் மரைக் கழுத்து.

மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் முதலே குறைவு. முக்கால் அங்குலக் குழாயில் சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற ஷெட்யூல் 40 என்றால் சுவர்க்கனம் 2.87 மில்லிமீற்றர். மரை வெட்டினால் ஏறத்தாழ பாதி போய்விடும், மிச்சம் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஷெட்யூல் 80 என்றால் 3.91 மில்லிமீற்றர். மரைக்குக் கொடுத்த பிறகும் துருவுக்குக் கொடுக்கக் கொஞ்சம் மிஞ்சும். அதனால்தான் அமோனியாவில் சின்னக் குழாய்களுக்கு ஷெட்யூல் 80 போடச் சொல்வார்கள். இந்த நிப்பிள் எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வெளிவிட்டம் ஒன்றுதான், 26.7 மில்லிமீற்றர். கனம் உள்ளே இருக்கிறது.

பொல்லாத விஷயம் அது நிற்கும் இடம். துரு ஸ்டொப் வால்வுக்குக் கீழே இருந்திருந்தால் வால்வை மூடிவிட்டு விடியும்வரை தேநீர் குடித்திருக்கலாம். இது டிரம்முக்கும் முதல் வால்வுக்கும் நடுவில். அதாவது இதை மூட வால்வே இல்லை. இது முறிந்தால் குளிர்ப் பக்கத்தில் இருக்கிற அமோனியா எல்லாம் அதன் வழியாக வரும். முறிக்கப் பெரிய பலமும் வேண்டாம். இறுகிப்போன வால்வுக்கு ஸ்பெனர் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால், அந்த முறுக்கு முழுவதும் போய் விழுவது அந்தக் கழுத்தில்தான்.

முதலில் செய்தது வால்வில் இருந்து கையை எடுத்தது. சுரண்டிப் பார்க்கவில்லை, கம்பிப் பிரஷ் போடவில்லை, சுத்தியலால் தட்டவில்லை. எவ்வளவு மோசம் என்று அறிய ஆசை வரும். ஆனால் சில சமயம் அந்தத் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். சிவப்பு லிட்மஸ் தாளை ஈரமாக்கிக் குச்சி ஒன்றில் செருகி மெல்லக் கிட்டக் கொண்டுபோனேன். அமோனியா இருந்தால் தாள் நீலமாகும். வால்வின் தண்டுப் பக்கம் பிடித்தபோது மாற்றமில்லை. கழுத்துப் பக்கம் கொண்டுபோனதும் ஓரம் மெதுவாக நீலம் பாய்ந்தது. மணம் எப்போதும் அந்த மூலையில் கொஞ்சம் இருக்கும், வடிக்கிற இடம் அல்லவா, அதனால் மூக்கை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது. தாள் இடத்தையும் சேர்த்துக் காட்டியது. கசிவு தண்டின் பெக்கிங்கில் இல்லை, மரையில்.

இனி என்ன செய்வது என்பதில்தான் அன்று இரவின் முக்கியமான வாக்குவாதம். கொம்பிரசரில் நின்றவர் கிண்ணியாக்காரர், எனக்கு மூத்தவர், எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் கை நேராக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

"நானா, நிப்பாட்டாதீங்க. ஓடட்டும்."

"என்ன தம்பி சொல்றீங்க? லீக் எண்டால் மெசினை நிப்பாட்டுறதுதானே?"

"நிப்பாட்டினா அடியில பிரஷர் ஏறும். கேஜைப் பாருங்க."

கொம்பிரசர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தைக் காட்டும் சக்சன் கேஜ் 20 பிஎஸ்ஐயில் நின்றது. உப்புத்தண்ணீர் மைனஸ் 10 பாகையில் இருக்கும்போது உள்ளே அமோனியா மைனஸ் 15 பாகை அளவில் கொதித்துக்கொண்டிருக்கும், அந்த வெப்பநிலைக்குரிய அழுத்தம் அதுதான். அதை அவ்வளவு தாழ்வாக வைத்திருப்பது கொம்பிரசர். அதை நிறுத்தியதும் உள்ளே இருக்கிற திரவம் சுற்றியுள்ளதன் வெப்பத்துக்கு ஏறத் தொடங்கும். உப்புத்தண்ணீரின் வெப்பத்துக்கு வந்தாலே 27 பிஎஸ்ஐ. நாள்கணக்கில் நின்று எல்லாம் எங்கள் ஊர் வெக்கைக்கு, 30 பாகைக்கு வந்துவிட்டால் 155 பிஎஸ்ஐ வரை போகும். மெலிந்த கழுத்துக்கு அவசரமாக நிறுத்துவது உதவி இல்லை. அதோடு, குழாய் முறிந்தால் வெளியே வரக் காத்திருக்கிற திரவமும் அங்கேயே இருக்கும்.

செய்ய வேண்டியது அதற்கு நேரெதிர்: ரிசீவரிலிருந்து திரவம் வெளியே போகிற கிங் வால்வை மூடிவிட்டு, கொம்பிரசரை ஓடவிட்டு, குளிர்ப் பக்கத்தில் இருக்கிற அமோனியாவை உறிஞ்சி ரிசீவருக்குள் கொண்டுபோய் அடைப்பது. கிங் வால்வை மூடின கணத்திலிருந்தே ஆபத்து குறையத் தொடங்கும். ரிசீவரில் உள்ளது இனி நிப்பிளுக்கு வராது, குளிர்ப் பக்கத்தில் உள்ளதும் நிமிடத்துக்கு நிமிடம் குறையும்.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். இது குழாய் இன்னும் முறியாத, கசிவு தாளில் மட்டும் தெரிகிற நிலைமைக்கான முடிவு. முறிந்து வெள்ளைப் புகையாக வரத் தொடங்கியிருந்தால் கதை வேறு. அப்போது யாரும் கொம்பிரசருக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. வெளியே இருக்கிற அவசரப் பொத்தானை அழுத்திவிட்டுக் காற்று வருகிற திசைக்கு ஓட வேண்டும்.

நானா கொஞ்ச நேரம் கேஜையே பார்த்தார். பிறகு, "சரி, நான் இதுல நிக்கிறன். நீங்க ஆக்களைப் பாருங்க" என்றார்.

ஆட்கள் என்றால் வெளியே ஏற்றும் மேடையில் நின்ற லொறிப் பொடியன்களும், அங்கால் கரையில் ஐஸுக்காகக் காத்திருந்த படகுக்காரர்களும். கச்சான் மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். ஆலைக்கும் கடலுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். அமோனியா காற்றை விட இலேசானது, மேலே போய்விடும் என்று படித்தவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் திரவமாகப் பீறிட்டு வருகிறது குளிர்ந்த மூடுபனியாக நிலத்தோடு நிலமாகத் தவழும். அதனால் மேடையைக் காலி செய்து, லொறிகளை வீதிப் பக்கம், காற்று வருகிற பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னோம். படகுக்காரர் ஒருவருக்குக் கோபம். "ஐஸ் தராட்டி நாங்க எப்பிடிப் போறது அண்ணன்?" என்றார். உறைந்து முடிந்த கட்டிகள் குளிரறையில் கொஞ்சம் கிடந்தன, அவற்றை வீதிப் பக்கக் கதவால் இறக்கிக் கொடுத்ததும் அடங்கினார்.

எங்களிடம் இருந்த முகமூடிக்குப் பச்சைப் பட்டி போட்ட அமோனியா கனிஸ்டர். அதை வைத்துக்கொண்டு வீரம் காட்டக் கூடாது. சின்னக் கசிவுக்குள் போய் ஒரு வால்வைத் திருகிவிட்டு வரத்தான் அது. எட்டு மணி நேர வேலைக்கு அமோனியா 25 பிபிஎம் தாண்டக் கூடாது என்பார்கள். 300 பிபிஎம் உயிருக்கே ஆபத்தான அளவு. குழாய் முறிந்த இடத்தில் அந்த 300 எல்லாம் ஒரு கணக்கே இல்லை. அங்கே காற்றுச் சிலிண்டர் முதுகில் கட்டினவர்தான் போக முடியும். எங்களிடம் அது இல்லை. அதனால் முறிந்தால் உள்ளே யாரும் போவதில்லை என்று முதலிலேயே பேசி முடிவெடுத்துக்கொண்டோம்.

தண்ணீர் ஹோஸ் இரண்டை இழுத்து வைத்தோம். அது ஆளுக்கும் காற்றில் மிதக்கிற வாயுவுக்கும். நிலத்தில் திரவமாகத் தேங்கினால் அதன் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று உதவிக்கு நின்ற பொடியனிடம் இரண்டு தரம் சொன்னேன். அவன் கண்ணில் தெரிந்தது அவன் அதைத்தான் முதலில் செய்திருப்பான் என்று. திரவ அமோனியாவுக்குத் தண்ணீர் என்பது அடுப்பு மாதிரி, பட்டதும் இன்னும் வேகமாகக் கொதித்து எழும்பும்.

பிறகு கிங் வால்வை மூடினேன். அது ரிசீவருக்குப் பக்கத்தில், டிரம்மிலிருந்து தள்ளி, நல்ல வேளை.

இப்படி உறிஞ்சி அடைப்பதற்குப் பம்ப்டவுன் என்று பெயர், பார்க்கச் சுவாரசியமில்லாத வேலை. ஒருவர் கேஜையும் ஒருவர் ரிசீவரையும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். ஆனால் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. அழுத்தம் குறையும்போது கொம்பிரசரின் குறைந்த அழுத்தக் கட்அவுட் மெசினை நிறுத்திவிடும். நானா அதன் அளவைத் தாழ்த்திவிட்டு, பொத்தானை விட்டு நகராமல் நின்றார். அடியில் உள்ள திரவம் வேகமாகக் கொதித்தால் அது துளிகளாகக் கொம்பிரசருக்குள் போய் வால்வுத் தட்டுகளை உடைக்கும். அதனால் சக்சன் வால்வைக் கொஞ்சம் ஒடுக்கி வைத்தோம். சத்தம் கரகரத்தால் இன்னும் ஒடுக்க வேண்டும். மறுபக்கம் கொண்டென்சர் அழுத்தம் 180 பிஎஸ்ஐயில் நின்றது, தண்ணீர் பம்ப் ஓடுகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டோம். ரிசீவரின் கண்ணாடியில் திரவ மட்டம் ஏறிக்கொண்டே வரும். முழுவதும் நிரப்பக் கூடாது, வெப்பத்தில் திரவம் விரிவதற்கு ஐந்தில் ஒரு பங்காவது இடம் விட வேண்டும்.

தொட்டியில் உப்புத்தண்ணீரைக் கலக்குகிற மோட்டாரையும் ஓடவிட்டோம். இதைப் பலர் நிறுத்திவிடுவார்கள். ஆனால் சுருளுக்குள் உள்ள திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைக் கொடுப்பது ஓடுகிற உப்புத்தண்ணீர்தான். நிறுத்தினால் சுருளைச் சுற்றிச் சேறு போல உறைந்துவிடும், உள்ளே திரவம் அப்படியே கிடக்கும், கேஜ் மட்டும் தாழ்வாகக் காட்டி ஏமாற்றும்.

நடுவில் முதலாளியின் தொலைபேசி. விடியும்வரை தாங்காதா, காலையில் பார்க்கலாமே என்று கேட்டார். கேட்பது நியாயம்தான், சீசன் அல்லவா. தொட்டியில் பாதி உறைந்த கட்டிகள் இருந்தன. ஆனால் அவ்வளவு உப்புத்தண்ணீர் சில மணி நேரத்தில் சூடாகிவிடாது. கட்டிகள் உருகாது, உறைவது மட்டும் நிற்கும். அதைச் சொல்லி, துருத் தகட்டை ஒரு ரூபாய்க் குற்றிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே வந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் விடியலைப் பற்றிக் கதைக்கவில்லை.

கேஜ் 2 பிஎஸ்ஐ அளவுக்கு வந்ததும் மெசினை நிறுத்தி, சக்சன் வால்வை மூடிவிட்டுக் காத்திருந்தோம். பூச்சியத்துக்குக் கீழே இழுக்கக் கூடாது. வெற்றிடம் வந்தால் அந்தக் கழுத்து வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே போகும். காத்திருக்கும்போது முள் மெல்ல ஏறியது. எண்ணெய்க்குள்ளும் அடியிலும் ஒளிந்திருக்கிற திரவம் ஆவியாகிறது என்று அதற்குப் பொருள். திரும்பவும் ஓட்டி இழுத்தோம், திரும்பவும் நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஏறுகிற வேகம் குறைந்தது. முள்ளை மட்டும் நம்பக் கூடாது, டிரம்மின் அடியில் பனியையும் பார்க்க வேண்டும். மேலே எல்லாம் உருகி ஈரமாகச் சொட்டும்போதும் அடியில் ஒரு வெள்ளை வளையம் போகாமல் நின்றது. அங்கே இன்னும் திரவம் இருக்கிறது. விடியப்போகும் நேரம் அந்த வளையமும் ஒடுங்கி மறைந்தது. அப்போதுதான் டிரம்முக்கு வருகிற, போகிற வால்வுகள் எல்லாவற்றையும் மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டினோம். சாவி என் சட்டைப் பையில்.

மிச்ச அழுத்தத்தை டிரம்மின் மேலே உள்ள கேஜ் வால்விலிருந்து ஹோஸ் போட்டு, தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் விட்டோம். தண்ணீர் அமோனியாவை விரும்பிக் குடிக்கும், எவ்வளவு விரும்பி என்றால் ஹோஸுக்குள் வாயு ஓய்ந்ததும் தண்ணீரே ஹோஸ் வழியாக டிரம்முக்குள் ஏறிப் போய்விடும். அதனால் ஒருவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டே நின்று, குமிழி ஓய்ந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அந்தப் பீப்பாய்த் தண்ணீரைக் கடலில் ஊற்றக் கூடாது, மீன் செத்து மிதக்கும். அதை மூடி எடுத்து வைத்தோம்.

காலையில் வந்த வெல்டிங் ஆட்கள் கையில் தீ கக்கும் காஸ் டோர்ச்சோடு நின்றார்கள். நானா அவர்களை உட்கார வைத்தார். உள்ளே எண்ணெய் இருக்கிறது, மிச்ச வாயுவும் இருக்கும். அமோனியா காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும், எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் இன்னும் சுலபம். முதலில் நைதரசன் விட்டு டிரம்மைக் கழுவினோம். பிறகு வெப்பமில்லாமல் நிப்பிளைக் கழற்றப் பைப் ரென்ச் போட்டதும், திருகுவதற்குப் பதிலாக அது கழுத்தோடு ஒடிந்து வந்தது. பிஸ்கட் உடைகிற சத்தம்தான். ஒடிந்த இடத்தை வேர்னியரில் அளந்தோம். நல்ல பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல், மோசமான பக்கத்தில் அரை மில்லிமீற்றரும் இல்லை. மரை இல்லாத இடத்தில் அளந்ததில் அது ஷெட்யூல் 40 என்றும் தெரிந்தது. தேங்கியிருந்த எண்ணெயையும் அப்போதே வடித்தோம், கறுத்துக் கொழகொழவென்று, துருத்தூள் கலந்து.

புதிதாக ஷெட்யூல் 80 குழாய்த் துண்டு ஒன்றைக் கட்டையாக, மரை இல்லாமல் டிரம்மில் வெல்டிங் செய்து, வெல்டிங் வகை வால்வையே அதில் பொருத்தினோம். கட்டையாக வைத்ததற்குக் காரணம், நீளம் கூடக் கூட வால்வைத் திருகும் முறுக்கு அதிகமாக விழும், வாளி தூக்குகிறவரின் கால் இடறினாலும் வளையும். சோதித்தது நைதரசனில், டிரம்மின் பெயர்த்தகட்டில் எழுதியிருந்த அழுத்தத்துக்கு. வெல்டிங் ஆட்களில் ஒருவர் ஒக்சிஜன் சிலிண்டர் கிட்ட இருக்கிறதே என்றார். எண்ணெய் பூசின பாத்திரத்துக்குள் அழுத்தத்தில் ஒக்சிஜன் விட்டால் வெடிக்கும். அந்தச் சிலிண்டரை வெளியே உருட்டிவிட்டுத்தான் வேலை தொடங்கியது. சோதனை முடிந்து, வண்ணம் பூசி, நிப்பிளுக்கும் குளிர்காப்பு போட்டு, ஈரம் புகாதபடி மேலே தார்த்தாள் சுற்றினோம். உறைக்குள் தண்ணீர் புகுந்தால் வெறுமையாக விட்டதை விட மோசம், கண்ணுக்கும் தெரியாது. அதனால் உறையின் அடியில் கழற்றிப் பார்க்கக்கூடிய ஒரு மூடி வைத்தோம்.

அடுத்த இரவு, கையில் டோர்ச்சோடு ஆலை முழுவதும் சின்னக் குழாய்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். பெரிய குழாய்கள் தாங்கும், கனம் உண்டு. சாகிறது இந்தக் கேஜ் குழாய், வடிகுழாய், மட்டக்கண்ணாடிக் குழாய் மாதிரியானவைதான். டிரம்மின் மட்டக்கண்ணாடிக்குக் கீழ்ப்பக்கத்து நிப்பிளும் இதே வகை, துரு இன்னும் அடுக்காகவில்லை. அதை வேலையற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே மாதிரி இழுத்து அடைத்து மாற்றிவிட்டோம்.

மிச்சமிருப்பது ரிசீவரின் அடியில் உள்ள வடிகுழாய். அங்கே பனி பிடிக்காது, வெப்பப் பக்கம். ஆனால் கடல் உப்பு எல்லா இடத்துக்கும் போகும், அதோடு அங்கே அழுத்தம் 180. தடிப்பு அளக்கும் மெசினை வாடகைக்கு எடுத்துப் பார்த்ததில் கனம் இருக்கிறது, ஆனால் மரை போட்ட ஷெட்யூல் 40தான். அதை மாற்ற ரிசீவரையே காலி செய்து அமோனியாவைச் சிலிண்டர்களுக்குள் ஏற்ற வேண்டும், அது இரவில் மூன்று பேர் செய்கிற வேலை இல்லை. அதைச் சுற்றி இரும்புக் கூடு ஒன்று அடித்து, வால்வின் கைப்பிடியைக் கழற்றி வைத்திருக்கிறோம். மார்கழியில் வாடை தொடங்கிப் படகுகள் கரையேறியதும் மாற்றுவதாக முதலாளி வேலைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.